உதவி தேவை: பெட்டியில் 5 ஜிபிபிஎஸ், காப்பி மட்டும் 13 மணி நேரம் காட்டுது. காலைக்குள் முடியுமா?

ஸ்டுடியோ_முத்து (மாலை 6.05)
பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து புதுசுக்கு கல்யாண வேலை எல்லாம் காப்பி போட்டுட்டு இருக்கேன். புது டிஸ்க் பெட்டியில் 5 ஜிபிபிஎஸ்னு இருக்கு, கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் முடிஞ்சிடும்னார். விண்டோஸ் 13 மணி நேரம் காட்டுது. காலை 8 மணிக்கு டிஸ்க் ஆல்பம் டிசைனருக்கு கூரியர்ல போகணும். வேகமாக்க வழி இருக்கா? அவசரம்.

வலைக்கண்ணன் (6.11)
எவ்வளவு டேட்டா? எத்தனை ஃபைல்? திரையில் நொடிக்கு எத்தனை எம்பி ஓடுது?

தெற்குவீதி (6.14)
கூரியரே வேண்டாமே சார், கூகுள் டிரைவில் ஏத்திட்டு லிங்க் அனுப்புங்க. என் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், நொடிக்கு 100 எம்பி போகும்.

சர்வர்_தாத்தா (6.20)
டிஸ்க்கின் பெயர் இல்லை, போர்ட் இல்லை, அளவு இல்லை. இந்தப் பகுதியின் மேலேயே விதிமுறை ஒட்டியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. விவரம் இல்லாமல் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும்.
தெற்குவீதி, எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும். உங்கள் 100 என்பது நொடிக்கு 12.5 எம்பி. அதுவும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் பல திட்டங்களில் இதைவிடக் குறைவு.

ஸ்டுடியோ_முத்து (6.26)
சாரி சார். 1.62 டிபி. வேகம் 38, அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. பழசு 2 டிபி, புதுசு 4 டிபி, ரெண்டும் கையடக்க டிஸ்க்தான். லேப்டாப்பில் நீலக் கலர் போர்ட் ரெண்டு, அதுலதான் சொருகியிருக்கேன்.

வலைக்கண்ணன் (6.41)
இந்த 38 போதும், பாதி விஷயம் இதிலேயே தெரிகிறது.

விண்டோஸ் காட்டும் 1.62 டிபியை எம்பி ஆக்கினால் சுமார் 17,81,000. அதை 38ஆல் வகுத்தால் 46,900 நொடி, அதாவது 13 மணி நேரம். விண்டோஸ் பொய் சொல்லவில்லை. 38 ஏன் என்பதுதான் கேள்வி.

உள்ளே தட்டு சுழலும் டிஸ்க்கின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 90 வரும், 110 வரும், 70க்கு இறங்கும். 35க்கும் 40க்கும் நடுவில் கோடு போட்டதுபோல நின்றால் அது டிஸ்க்கின் வேகம் இல்லை, யூஎஸ்பி 2.0இன் உச்சவரம்பு. பெயரளவில் 480 எம்பிபிஎஸ், எட்டால் வகுத்தால் 60, நடைமுறையில் கிடைப்பது 35 முதல் 40.

போர்ட் நீலம் என்கிறீர்கள், அப்படியானால் கேபிளைப் பாருங்கள். பழைய டிஸ்க்கின் பக்கம் இருக்கும் துளை அகலமாக, நடுவில் ஒரு தடுப்போடு இரண்டு பகுதியாக இருக்கிறதா? அதில் சொருகியிருப்பது அதே அகலத்தில் உள்ள கேபிளா, பழைய போன் சார்ஜரின் சின்ன கேபிளா? சின்ன கேபிளும் அந்தத் துளையின் பெரிய பாதியில் கச்சிதமாகப் பொருந்தும், டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் யூஎஸ்பி 3க்கான கூடுதல் கம்பிகள் மற்ற பாதியில்தான் இருக்கின்றன.

ஸ்டுடியோ_முத்து (6.48)
ஐயோ ஆமா அண்ணா. சின்ன கேபிள்தான். பழசோட கேபிள் தொலைஞ்சு போச்சு. அகல கேபிள் பக்கத்துக் கடையில் இருக்கு, வாங்கிட்டு வரேன்.

பைட்பாண்டி (6.55)
கேபிள் மாத்தினா 5 ஜிபிபிஎஸ். எட்டால் வகுத்தா 625 எம்பி. கடைக்காரர் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு சரியாதான் இருக்கு.

வலைக்கண்ணன் (7.02)
அது பாதையின் அகலம் பாண்டி, வண்டியின் வேகம் இல்லை. யூஎஸ்பி 3.0 எட்டு பிட்டை அனுப்பப் பத்து பிட் செலவழிக்கிறது, அதனால் 625 அங்கேயே 500 ஆகிவிடும். அதையும் தாண்டி, 2.5 அங்குலத் தட்டு டிஸ்க்கால் 100, 130க்கு மேல் தர முடியாது. பாதை, படிக்கும் டிஸ்க், எழுதும் டிஸ்க் மூன்றில் எது மெதுவோ அதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சர்வர்_தாத்தா (7.06)
2 டிபி டிஸ்க்கில் 1.62 என்றால் 16,20,000 எம்பிதானே? 17,81,000 எங்கிருந்து வந்தது? டிபி என்பது ஆயிரத்தின் மடங்கு, தரநிலையே அப்படித்தான்.

பைட்பாண்டி (7.09)
விண்டோஸ் 1024ஆல் வகுத்துட்டு டிபின்னு பேர் போடுது தாத்தா. அதனாலதான் 2 டிபி டிஸ்க் 1.81னு தெரியுது. அதே டிஸ்க்கை மேக்கில் சொருகினா 2 டிபின்னே காட்டும்.

சர்வர்_தாத்தா (7.15)
அதை டிபி என்று அழைப்பதே தவறு என்கிறேன். டெபிபைட் என்று 1998இலேயே பெயர் வைத்தாயிற்று. தவறான பெயரில் கணக்குப் போட்டுப் பழக்காதீர்கள்.

வலைக்கண்ணன் (7.19)
பெயர் விஷயத்தில் தாத்தா சொல்வது சரி, திரையில் இருப்பதைப் பற்றி பாண்டி சொல்வது சரி. முத்து திரையைப் பார்த்துச் சொன்ன எண் என்பதால் 1.0995ஆல் பெருக்கினேன். டிபி அளவில் அந்த வித்தியாசம் பத்து சதவீதம், ஐந்து மணி நேர வேலையில் அரை மணி. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஒருவர் அவசரத்தில் இருக்கிறார்.

ஸ்டுடியோ_முத்து (7.24)
கேபிள் மாத்தியாச்சு!! 104 காட்டுது. அப்போ 17,81,000 / 104, நாலே முக்கால் மணி நேரம். சரியா?

வலைக்கண்ணன் (7.37)
இல்லை, இரண்டு திருத்தம் இருக்கிறது.

ஒன்று, 104 என்பது தொடக்க வேகம். தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்குள் அடங்கும் தரவு அதிகம், உள்வட்டத்தில் குறைவு. பொதுவாக வெளியிலிருந்துதான் நிரம்பத் தொடங்கும், உள்ளே போகப் போக வேகம் ஏறக்குறைய பாதியாகும். கால்வாசி நிறைந்த டிஸ்க் என்றால் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். உங்களுடையது கிட்டத்தட்ட நிறைந்திருக்கிறது. 104இல் தொடங்கி 55இல் முடியும் என்று வைத்தால் சராசரி 78 வரும். 17,81,000 / 78 = 22,800 நொடி, 6 மணி 20 நிமிடம்.

இரண்டு, ஃபைல் எண்ணிக்கை. இதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. லைட்ரூம் பயன்படுத்துகிறீர்களா? கேட்டலாக் பக்கத்தில் `Previews.lrdata` என்று முடியும் ஃபோல்டர் இருந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து `Properties` பாருங்கள்.

ஸ்டுடியோ_முத்து (7.42)
1,84,000 ஃபைல்!! ஆனா 21 ஜிபிதான் அண்ணா.

வலைக்கண்ணன் (7.51)
21 ஜிபி என்பதால் ஐந்து நிமிட வேலை போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயரைப் பதிய வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், தலை அங்கும் இங்கும் நகர வேண்டும். தட்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலுக்கு 30 மில்லிநொடி என்று வைத்தாலே 1,84,000க்கு ஒன்றரை மணி நேரம். உங்கள் டிஸ்க்கில் எவ்வளவு என்று தெரிய, அதில் 2,000 ஃபைலை மட்டும் காப்பி போட்டு நேரம் பாருங்கள். ஒரு நிமிடம் எடுத்தால் அதே 30தான்.

ஒரிஜினல் படங்கள் கூடவே போவதால் பிரிவியூவை லைட்ரூம் அந்தப் பக்கம் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். விட்டுவிடுங்கள். ஓடுகிற காப்பியை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள், `E:` பழசு, `F:` புதுசு என்றால்:

```
robocopy E:\Wedding F:\Wedding /E /J /R:1 /W:2 /XD "*Previews.lrdata" /LOG:C:\Temp\copy.log /TEE
```

`C:\Temp` ஃபோல்டரை முதலில் உருவாக்குங்கள். ஏற்கெனவே முழுதாகப் போய்ச் சேர்ந்ததை இது தாண்டிவிடும். `/R:1` விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைல் வந்தால் 30 நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும். காலையில் எழுந்து பார்த்தால் அதே ஃபைலில் நிற்கும்.

பைட்பாண்டி (7.55)
`/MT:32` சேருங்க, 32 ஃபைல் ஒரே நேரத்தில் போகும், பறக்கும்.

வலைக்கண்ணன் (8.01)
எஸ்எஸ்டி என்றால், நெட்வொர்க் வழி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே பெரிய வீடியோக்கள், இரண்டு பக்கமும் தட்டு. 32 இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கேட்டால் தலை தாவுவதிலேயே நேரம் போகும். வேண்டாம்.

தெற்குவீதி (8.10)
12.5ன்னு வச்சுக் கணக்குப் பார்த்தேன். முத்து சாரோட டேட்டாவை ஏத்த 39 மணி நேரத்துக்கு மேல ஆகும் போல. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 750 ஜிபி வரம்பும் இருக்காம், எப்படியும் மூணாவது நாள்தான். கூரியரே சரி. ஆனா என்கிட்ட 300 ஜிபி இருக்கு, அதை ஏத்தலாமா?

சர்வர்_தாத்தா (8.16)
முதலில் உங்கள் ஏற்றும் வேகத்தை அளந்து சொல்லுங்கள். அது 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி, 60,000 நொடி, 17 மணி நேரம்.

ஸ்டுடியோ_முத்து (8.19)
7.55க்கு போட்டாச்சு. 98, 101னு ஓடுது. நன்றி அண்ணா.

நிழல்படம் (9.40)
2.5 அங்குல 4 டிபி என்றால் பெரும்பாலும் எஸ்எம்ஆர், ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். உள்ளே தற்காலிகமாக வாங்கி வைக்கும் பகுதி நிறைந்ததும் 20, 30க்கு விழும். 6 மணி 20 நிமிடத்தை நம்பி அவர் தூங்கக் கூடாது.

வலைக்கண்ணன் (9.52)
காலி டிஸ்க்கில் பெரிய ஃபைல்கள் வரிசையாகப் போகும்போது பல எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் விழாமலே தாங்கும். அழித்து எழுதும்போதும் சின்ன ஃபைல்களிலும்தான் அடி வாங்கும். ஆனால் இந்த மாடல் எப்படி என்று தெரியாததால் உங்கள் எச்சரிக்கையை மறுக்க மாட்டேன். இரவு 2.15க்கு முடிய வேண்டும், 8 மணிக்குள் போதிய இடைவெளி இருக்கிறது.

ஸ்டுடியோ_முத்து (காலை 7.20)
3.40க்கு முடிஞ்சிருக்கு. 2 மணிக்கு மேல எழுந்து பார்த்தப்போ 28ல ஓடிட்டு இருந்தது, கடைசி 150 ஜிபி முழுக்க அப்படித்தான். கூரியர் பையன் வந்துட்டே இருக்கான். எல்லாருக்கும் நன்றி.

நிழல்படம் (7.26)
சொன்னேனே, எஸ்எம்ஆர். 150 ஜிபி 28இல் போனால் 1 மணி 35 நிமிடம். சாதாரணமாக முக்கால் மணி. கூடுதலான நேரத்தின் பெரும்பகுதி அங்கேதான்.

வலைக்கண்ணன் (7.29)
இருக்கலாம். பழைய டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் படிக்கத் திணறும் செக்டர்கள் இருந்தாலும் இதேபோல்தான் விழும், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முத்து, `copy.log` கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும், அதில் `FAILED` நெடுவரிசையில் `Files` எண் என்ன? `/R:1` போட்டதால் படிக்க முடியாததைத் தாண்டிவிட்டு முடிந்தது என்றே காட்டும். 0 என்றால் நிம்மதியாக அனுப்புங்கள். இல்லையென்றால் எந்த ஃபைல் என்று லாக்கில் `ERROR` என்று தேடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பழைய டிஸ்க்கின் `Current Pending Sector` எண்ணையும் போடுங்கள்.

வலைக்கண்ணன் (பகல் 1.10)
முத்து, பார்த்தீர்களா? அந்த எண் தெரியும்வரை பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள்.