ஜூரோங் இரண்டு, தெம்பனிஸ் ஒன்று: தமிழ்க் கோப்புப் பெயர்கள் ஏன் இரட்டிக்கின்றன?

ஈசூன் டீச்சர்:
நாங்கள் சில பேர் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிறோம். பயிற்சித்தாள்கள் எல்லாம் வட்டாரப் பெயர் போட்ட ஃபோல்டர்களில் இருக்கின்றன. என்னுடையது மேக். மற்றவர்கள் விண்டோஸில் வேலை செய்கிறார்கள். நடுவில் ஒரு பொதுச் சேமிப்புப் பெட்டி (என்ஏஎஸ்). இரவில் என் மேக்கிலிருந்து `rsync` அதற்கு அனுப்பும். இப்போது ஜூரோங், பொங்கோல், தோ பாயோ எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. எழுத்து அச்சு அசலாக ஒன்றுதான். தெம்பனிஸ், ஈசூன், உட்லண்ட்ஸ் மட்டும் ஒன்றே ஒன்று. எதை அழிப்பது?

கேபிள் குமார்:
டீச்சர், இது பத்து வருஷக் கதை. தமிழில் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் ஆபீஸில் கோப்புப் பெயர் என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், நிம்மதி.

ராஜா ஜூரோங்:
மேக் தான் காரணம். அதன் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், எழுத்துகளை உடைத்துச் சேமிக்கும். 2017இல் ஏபிஎஃப்எஸ் வந்ததும் அது தீர்ந்துவிட்டது. உங்கள் மேக் பழையதாக இருக்கும். டிஸ்க்கைப் புது முறைக்கு மாற்றினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

முத்து சர்வர்:
டீச்சர், இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். `rsync`ஐ நிறுத்திவிட்டு மற்றவர்களிடமும் அந்த ஃபோல்டர்களைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. இரட்டித்த மூன்று பெயரிலும் ஒகர உயிர்மெய் வருகிறது: ரோ, பொ, கோ, தோ, யோ. இரட்டிக்காத மூன்றில் ஒன்றிலும் இல்லை.

யூனிகோடில் ஒ, ஓ, ஔ குறிகளை இரண்டு விதமாக எழுதலாம். ‘ரோ’ என்பதில் ர-வுக்குப் பிறகு ஒரே குறியாக `U+0BCB` வரலாம். அல்லது இரட்டைச் சுழி ஏ-குறி `U+0BC7`, அதன் பின் கால் `U+0BBE` என்று இரண்டாகப் பிரிந்தும் வரலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, திரையிலும் வித்தியாசம் தெரியாது. தமிழில் இப்படி உடையக்கூடியவை நான்கே: ஒ-குறி, ஓ-குறி, ஔ-குறி, அப்புறம் ஔ என்ற எழுத்து. மற்ற குறியெல்லாம் உடையாது. அதனால்தான் ‘பொங்கல்’ இரட்டிக்கும், ‘தீபாவளி’ இரட்டிக்காது.

என்ஏஎஸ்ஸில் நுழைந்து பாருங்கள்:

```
ls | grep '^ஜூ' | xxd -g1 -c 64
```

ஒரு பெயரில் `e0 ae b0 e0 af 8b` இருக்கும். அது சேர்ந்த வடிவம். இன்னொன்றில் அதே இடத்தில் `e0 ae b0 e0 af 87 e0 ae be`, அது பிரிந்த வடிவம். லினக்ஸில் சாதாரணமாக அமைக்கும் கோப்பு முறைக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறென்றால் கோப்பும் வேறு. விண்டோஸும் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது.

ராஜா சொன்னதில் பாதி சரி. எச்எஃப்எஸ் பிளஸ் கட்டாயமாகப் பிரித்துத்தான் வைத்தது. ஏபிஎஃப்எஸ் அப்படிச் செய்யாது, கொடுத்த வடிவத்திலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால் மேக்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சிக்கல் கண்ணிலேயே படாது. பழைய டிஸ்க்கிலிருந்து வந்த பெயர்கள் பிரிந்த வடிவத்திலேயே தொடரும். ஃபைண்டரில் புதிதாகப் பெயர் வைத்தாலும் பல நேரம் பிரிந்த வடிவம்தான் டிஸ்க்குக்குப் போகிறது. டிஸ்க்கை மாற்றினால் தீராது.

ராஜா ஜூரோங்:
அப்படியென்றால் விண்டோஸிலிருந்து போட்ட கோப்பு மட்டும் ஏன் சேர்ந்த வடிவத்தில் இருக்கிறது?

முத்து சர்வர்:
விசைப்பலகை என்ன தருகிறதோ அதை விண்டோஸ் அப்படியே எழுதும். இன்றைய தமிழ் விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒரே குறியாகத் தருகின்றன. பழைய தட்டச்சு முறையில் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடிக்கும் சில மென்பொருளில் விண்டோஸிலேயே பிரிந்த வடிவம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

நூர்:
எனக்கும் இதே பிரச்சினை! தோழி மேக்கில் ஸிப் செய்து அனுப்பினார். என் விண்டோஸில் திறந்தால் எல்லாப் பெயரும் `α«ñ α««` என்று கிரேக்க எழுத்தாக வருகிறது. நானும் அந்த `xxd` கட்டளை போடவா?

முத்து சர்வர்:
உங்களுடையது வேறு நோய், நூர். ஸிப்புக்குள் பெயர் யூடிஎஃப்-8இல்தான் இருக்கிறது. ‘இது யூடிஎஃப்-8’ என்று அறிவிக்கும் குறியீட்டை அந்த ஸிப் வைக்கவில்லை. அதனால் விண்டோஸ் பழைய டாஸ் காலத்து எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கிறது. தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் `e0`. அந்த அட்டவணையில் அதுதான் α. வரிசையாக `α«` வந்தால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். செவன்-ஸிப் போட்டு இப்படி விரியுங்கள்:

```
7z x paadam.zip -mcp=65001
```

பெயருக்குப் பதில் `????` என்று வந்திருந்தால்தான் கவலை. அங்கே பைட்டே தொலைந்துவிட்டது, மீட்க வழியில்லை.

கேபிள் குமார்:
பாருங்கள், ஒரு வகுப்பு நடத்த டீச்சர் ஹெக்ஸ் படிக்க வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் வையுங்கள் என்றேன்.

ஈசூன் டீச்சர்:
குமார், அதையும் யோசித்தோம். ‘மொழி’ என்பதை ஒருவர் `mozhi` என்பார், இன்னொருவர் `moli` என்பார். மூன்று தொண்டூழியர் இருந்தால் மூன்று எழுத்துக்கூட்டல். அந்த இரட்டிப்பை எந்தக் கட்டளையும் சரிசெய்யாது. தவிர, இது தமிழ் வகுப்பு. பிள்ளைகள் வீட்டில் ஃபோல்டரைத் திறக்கும்போது தமிழில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எங்களுக்கு முக்கியம். அதை விட்டுத்தர மாட்டேன்.

முத்து அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டு வரிசையும் அப்படியே வந்தன. அடுத்து?

முத்து சர்வர்:
முதலில் என்ஏஎஸ்ஸை முழுதாக பேக்கப் எடுங்கள். பிறகு அதிலேயே, அல்லது அந்த பேக்கப்பை ஒரு லினக்ஸ் கணினியில் விரித்து:

```
convmv -r -f utf8 -t utf8 --nfc .
```

`--nfc` என்றால் சேர்ந்த வடிவம். இது இப்போது எதையும் மாற்றாது, எதை எப்படி மாற்றும் என்று பட்டியல் மட்டும் காட்டும். அதை நிதானமாகப் படியுங்கள். துணை இல்லாத தனிப் பெயர்களைக் கடைசியில் `--notest` சேர்த்து மாற்றிவிடலாம். இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அது அந்தப் பெயரை மாற்றாமல் விட்டுவிடும், விடுவதுதான் நல்லது. கோப்புகளுக்கு `--replace` கொடுத்தால் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் ஜோடியை மட்டும் ஒன்றாக்கும். உள்ளடக்கம் வேறாக இருந்தால் நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். உங்களுடையது ஃபோல்டர் இரட்டிப்பு என்பதால், ஒன்றுக்குள் இருப்பதை மற்றதற்குள் கையால் நகர்த்திவிட்டு வெறும் ஃபோல்டரை நீக்குங்கள். விண்டோஸ்காரர்கள் திருத்தியது ஒன்றிலும், நீங்கள் திருத்தியது மற்றதிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதோடு நிறுத்தினால் அன்று இரவே மறுபடி இரட்டிக்கும், ஏனென்றால் மேக் இன்னும் பிரித்தே அனுப்புகிறது. அனுப்பும் இடத்தில் மாற்றுங்கள்:

```
rsync -avn --iconv=utf-8-mac,utf-8 paadam/ nas:paadam/
```

மேக்கோடு வரும் `rsync`இல் இந்த வசதி இல்லை, பதிப்பு 3ஐத் தனியாக நிறுவ வேண்டும். `-n` இருக்கும்வரை எதையும் அனுப்பாது. ஒரே ஒரு சோதனை ஃபோல்டரை உண்மையாக அனுப்பி, என்ஏஎஸ்ஸில் `xxd` போட்டு `8b` வருகிறதா என்று பார்த்த பிறகே முழுவதையும் விடுங்கள்.

செல்வி அச்சகம்:
நான் `rsync` பக்கமே போக மாட்டேன். சின்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருளைப் போட்டால் இந்தத் திருத்தத்தை அதுவே செய்யும், `autoNormalize` இயல்பாகவே இயங்கும். ஆனால் இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்கள் அச்சகத்துக்கு வரும் கோப்புகளில் பாதித் தொல்லை இதில்தான்: ‘கௌரி’ என்று ஔ-குறி போட்டு ஒருவர், ‘கெளரி’ என்று ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு இன்னொருவர். பார்க்க ஒன்றேதான். யூனிகோடுக்கு இவை சமமே இல்லை, அதனால் `--nfc` தொடவே தொடாது. ‘ஸ்ரீ’யும் அப்படி. ஸ போட்டும் வருகிறது, 2005இல் சேர்ந்த ஶ போட்டும் வருகிறது. கோயில் அழைப்பிதழ் ஃபோல்டர் எங்களிடம் எப்போதும் இரண்டு.

ராஜா ஜூரோங்:
எளிது. கொம்புக்குப் பிறகு ள வந்தால் எல்லாவற்றையும் ஔ-குறியாக மாற்றுகிற ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன்.

செல்வி அச்சகம்:
ஐயோ, வேண்டாம் தம்பி. ‘வெள்ளி’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் நாசமாகும்.

ராஜா ஜூரோங்:
சரி அக்கா, அப்போ ள-வுக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ இல்லாதபோது மட்டும்.

செல்வி அச்சகம்:
அது பெரும்பாலும் சரிவரும். ஆனால் பேச்சுத் தமிழில் ‘வெளக்கு’ என்று கதைக்குத் தலைப்பு வைத்தால்? பிள்ளைகள் வைப்பார்கள். பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முத்து சர்வர்:
செல்வி சொல்வது சரி, அது எழுத்துப் பிழைத் திருத்தத்தின் வேலை. சின்க்திங் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பேர் திருத்தும் இடத்தில் இருவழி ஒத்திசைவு வைத்தால் ஒருவர் தவறி அழித்ததும் எல்லோரிடமும் போய்விடும். டீச்சருடையது ஒருவழி அனுப்புதல், அது பாதுகாப்பு.

செல்வி அச்சகம்:
ஒருவழி என்பதால்தானே விண்டோஸில் திருத்தியது டீச்சருக்குத் திரும்பி வரவில்லை? பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதி சின்க்திங்கிலும் உண்டு, அதை இயக்கிவிட்டால் பயமில்லை.

கேபிள் குமார்:
டீச்சர் சொன்ன எழுத்துக்கூட்டல் வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் நடுவழி: ஃபோல்டர் பெயருக்கு முன்னால் `01`, `02` என்று எண் போடுங்கள். ஜோடி இரட்டித்தால் அடுத்தடுத்து வந்து நிற்கும், உடனே கண்ணில் படும்.

ஈசூன் டீச்சர்:
எண் யோசனை நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். `convmv` பட்டியல் வந்துவிட்டது. எதிர்பார்த்தபடி பொங்கோல், தோ பாயோ, ஜூரோங் இருந்தன. ‘மொழி விளையாட்டு’, ‘ஒளவையார்’ இரண்டும் இருக்கும் என்று பார்த்தேன். முதலாவது மட்டும் வந்தது, ‘ஒளவையார்’ வரவில்லை. ஆனால் விண்டோஸில் அது இரண்டாகத்தான் தெரிகிறது.

செல்வி அச்சகம்:
ஒன்றில் ஔ என்ற எழுத்து, மற்றதில் ஒ-வும் ள-வும் இருக்கும். நீங்கள் இங்கே அடித்திருப்பதே ஒ, ள. அந்த ஃபோல்டரைக் கையால்தான் மாற்ற வேண்டும்.