உதவி: மேற்கோளுக்கு எண் போடுவதில் குழப்பம், 951-ஆ 5-ஆ? (அவசரம்)

கருவிளை:
வணக்கம். ஆய்வேட்டின் இரண்டாம் இயலை கைடு திருப்பி அனுப்பிவிட்டார். மேற்கோள்களுக்கெல்லாம் பக்க எண் போட்டிருந்தேன். "பக்கத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே தேடுவது, எண் போடு" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். 'மாயோன் மேய' என்ற வரிக்கு என் புத்தகத்தில் 5 என்று இருக்கிறது. நான் பார்த்த ஒரு கட்டுரையில் 951 என்று இருக்கிறது. எது சரி? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

திண்ணை:
எந்த நூல் என்றே சொல்லவில்லையே அம்மா. தொல்காப்பியம் என்று நாங்கள் ஊகித்துக்கொள்ள வேண்டுமா?

கோமதி ம.:
தொல்காப்பியம்தான், அகத்திணையியல். ஆனால் உங்களிடம் இருப்பது யார் உரை? மூன்று அதிகாரமும் ஒரே புத்தகமா, தனித்தனியா? அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

ஏட்டுச்சுவடி:
எம்.ஏ. முதலாண்டிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். உரையாசிரியர் பெயர் இல்லாமல் தொல்காப்பியத்துக்கு எண் கேட்பது, ஊர் பெயர் சொல்லாமல் கதவு எண் மட்டும் சொல்லி வீடு தேடுவது மாதிரி. இப்போது யாரும் மூல நூலைப் புரட்டுவதில்லை, அதுதான் பிரச்சினை.

குறள்நேசன்:
இதில் என்ன குழப்பம்? தொடர் எண்தான் எப்போதும் நல்லது. திருக்குறளில் 391 என்றால் அதிகாரம், பால் எதுவும் வேண்டாம், எந்தப் பதிப்பை எடுத்தாலும் 'கற்க கசடற' வந்து நிற்கும். 951 என்றே போடுங்கள்.

கோமதி ம.:
குறளுக்கு அது பொருந்துகிறது, ஏனென்றால் அதிகாரத்துக்குப் பத்து என்று கட்டு இருக்கிறது, அப்புறம் அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் பரிமேலழகர் வரிசையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மணக்குடவர் உரையைத் திறந்தால் பல அதிகாரங்களில் குறள்கள் முன்பின்னாக இருக்கும். அங்கே உங்கள் தொடர் எண்ணும் உதைக்கும். தொல்காப்பியத்தில் அந்தப் பத்து என்ற கட்டும் கிடையாது.

சாமுவேல் நெல்லை:
எங்கள் சபையிலும் இதே கதைதான். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' எங்களுக்கு 23-ஆம் சங்கீதம். லத்தீன் வழி வந்த பழைய புத்தகங்களில் அது 22. அவர்கள் 9, 10 இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள், அதிலிருந்து ஒன்று குறைகிறது. ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்கு நான் 23 என்று போட்டேன், விருந்தாளியாக வந்த பெரியவர் 'ஆண்டவருடைய பூமியும்' என்று ஆரம்பித்துவிட்டார். அது எங்களுக்கு 24!

கருவிளை:
மன்னிக்கவும். இளம்பூரணர் உரை. பொருளதிகாரம் தனிப் புத்தகம், சொல்லதிகாரமும் அவர் உரைதான், அதுவும் தனி. அந்தக் கட்டுரையில் உரை பெயர் இல்லை, 'தொல். 951' என்று மட்டும் இருக்கிறது.

கோமதி ம.:
சரி, இப்போது பார்க்கலாம். 951 என்பது மூன்று அதிகாரத்தையும் சேர்த்து ஒன்று முதல் ஓடும் எண். எழுத்ததிகாரத்துக்கு 483 நூற்பா, சொல்லதிகாரத்துக்கு 463. கூட்டினால் 946. பொருளதிகாரம் 947-இல் தொடங்குகிறது. 951-இலிருந்து 946-ஐக் கழியுங்கள், 5. உங்கள் புத்தகமும் கட்டுரையும் ஒரே நூற்பாவைத்தான் சொல்கின்றன.

ஆனால் அந்த 463 சேனாவரையர் கணக்கு. இளம்பூரணர் கணக்கில் சொல்லதிகாரம் 456 தான். அவர் ஒரே நூற்பாவாக வைத்து உரை சொன்ன சில இடங்களை மற்றவர் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார், சில இடங்களில் தலைகீழாகவும் நடக்கிறது. ஆகவே இளம்பூரணரை மட்டும் வைத்துத் தொடர் எண் போட்டால் 'மாயோன் மேய' 944 ஆகிவிடும். 951-ம் 944-ம் 5-ம் ஒரே வரிக்கு. அதனால்தான் தொடர் எண்ணை நம்ப வேண்டாம் என்கிறேன். 'தொல். பொருள். அகத். 5 (இளம்.)' என்று எழுதுங்கள். அதிகாரம், இயல், இயலுக்குள் எண், உரை. எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

குறள்நேசன்:
இயலுக்குள் எண் மட்டும் மாறாதா? அங்கேயும் பிரிப்பார்கள்தானே?

கோமதி ம.:
மாறும். ஆனால் பிழை அந்த இயலோடு நின்றுவிடும். தொடர் எண்ணில் முதலில் நழுவியது கடைசி வரை கூடவே வரும்.

கருவிளை:
மிக்க நன்றி அக்கா, கழித்துப் பார்த்தேன், வந்தது. ஆனால் அதே கட்டுரையில் 'உறு தவ நனி' என்பதற்கு 782 என்று இருக்கிறது. 782 - 483 = 299. என் சொல்லதிகாரத்தில் 299-ஐத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது.

கோமதி ம.:
நான் சொன்னதுதான் நேரில் வந்திருக்கிறது. 299 சேனாவரையர் எண். உங்கள் புத்தகம் உரியியலுக்கு வருவதற்குள்ளேயே சில எண் பின்தங்கிவிட்டது. எண்ணை விடுங்கள், உரியியல் தொடக்கத்துக்குப் போய் மூன்றாவதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் புத்தகத்தின் பின்னால் நூற்பா முதற்குறிப்பு அகராதி இருக்கும், நூற்பா 'அவைதாம், உறு தவ நனி' என்று தொடங்குவதால் 'அவைதாம்' என்று தேடுங்கள். இனிமேல் குறிப்பு எடுக்கும்போதே எண்ணோடு முதல் இரண்டு சொல்லையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எண் ஏமாற்றினாலும் சொல் ஏமாற்றாது.

ஏட்டுச்சுவடி:
ஒன்றை எல்லாரும் மறக்கிறீர்கள். உரையை மேற்கோள் காட்டினால் நூற்பா எண் போதாது, பதிப்பும் பக்கமும் வேண்டும். சில நூற்பாவுக்கு உரை பத்துப் பக்கம் ஓடுகிறது. பக்க எண்ணே கூடாது என்பது அரைகுறை அறிவு.

கோமதி ம.:
கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி. மூலத்துக்கு எண், உரைக்குப் பக்கம்.

தூயதமிழ் வேலன்:
'சூத்திரம்' என்று எங்கும் எழுதிவிடாதீர்கள் தங்கை, அது வடசொல். நூற்பா என்பதே தமிழ். பக்கத்துக்குப் 'பக்.' போதும்.

ஏட்டுச்சுவடி:
தொல்காப்பியரே செய்யுளியலில் 'அவற்றுள், சூத்திரந் தானே ஆடி நிழலின் அறியத் தோன்றி' என்று எழுதியிருக்கிறார். அவரையும் திருத்துவீர்களா?

தூயதமிழ் வேலன்:
அது இடைச்செருகலாக இருக்கலாம்.

திண்ணை:
ஆரம்பித்துவிட்டார்கள். இடைச்செருகல் என்பதற்கு என்ன ஆதாரம்? பிடிக்காத சொல் இருந்தால் இடைச்செருகலா?

தூயதமிழ் வேலன்:
முதலில் அது செய்யுளியலில் எத்தனையாவது நூற்பா என்று சொல்லட்டும், நான் பார்க்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
புத்தகம் மாடியில் இருக்கிறது. பேராசிரியர் உரை. பக்கம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

கோமதி ம.:
பக்கமா ஐயா?

சாமுவேல் நெல்லை:
😄

கருவிளை:
உரியியலில் மூன்றாவதாக இருந்தது. கைடிடம் கொடுத்துவிட்டேன். புறநானூற்று மேற்கோள்களுக்குப் பாட்டு எண் மட்டும் போட்டிருந்தேன், இப்போது வரி எண்ணும் கேட்கிறார். 'தீதும் நன்றும்' 192-இல் இரண்டாம் வரிதானே?

திண்ணை:
ஆமாம். 192:2.