ஸ்கிரீன் ரெக்கார்டிங்க மொத்தமா ஓட்டி விட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்

சிப்புட்_பையன்:
எங்க அக்கா சுங்கை சிப்புட்ல வீட்டுலருந்தே பித்தளை முறுக்கு உரல் ஆன்லைன்ல விக்கிறாங்க, சின்னது பெருசு ரெண்டு சைஸ். டெமோ நான்தான் செஞ்சேன். மாவு பிழியறத ஹேன்போன்ல எடுத்தேன், ஆர்டர் பண்றது எப்படின்னு ஸ்கிரீன் ரெக்கார்டிங். அது 80 செகண்ட் வந்துச்சு, எங்க தமான்ல லைன் வேற ஆமை, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, பொறுமை போயி மொத்தத்தையும் 4 மடங்கு ஓட்டி 20 செகண்ட் ஆக்கிட்டேன். தீபாவளிக்கு முந்துன வாரம் ஏழு பேரு சைஸ் மாத்தி வாங்கிட்டாங்க, அக்கா என்னைய பாத்த பார்வை இருக்கே...

பசார்மாலாம்_மச்சான்:
ஸ்கிரீன் பகுதிய தூக்கிடு லா. நீளமா இருந்தா எவன் பாக்குறான், எல்லாரும் தள்ளிட்டு போயிடுவாங்க.

ஈப்போ_எடிட்டர்க்கா:
நீளம்னா போரடிக்கும், அது சரி தம்பி. ஆனா தூக்கிட்டா சைஸ் எங்க அமுக்கணும்னே தெரியாதே. நான் கல்யாண வீடியோ வெட்டுறவ, கடைக்காரங்களுக்கும் செஞ்சு குடுக்குறேன். சிப்புட் தம்பி, அந்த 80 செகண்ட்ல எது எவ்வளவு நேரம்னு எழுதிப் பாத்தியா?

சிப்புட்_பையன்:
இப்பதான் பாத்தேன்கா. வட்டம் சுத்துறது 34, அட்ரஸ் டைப் பண்றது 20, ஸ்க்ரோல் 12, சைஸ் எடுக்கறது 6, மிச்சம் 8.

ஈப்போ_எடிட்டர்க்கா:
அப்போ வட்டத்தையும் அட்ரஸையும் வெட்டி எறி, உங்க வீட்டு அட்ரஸ ஊருக்கே ஏன் காட்டணும். ஸ்க்ரோல மட்டும் 4 மடங்கு ஓட்டு, 3 ஆயிடும். சைஸ் இடத்த ஓட்டாத, அங்க Freeze போட்டு இன்னும் 3 நிறுத்து, 9 ஆச்சு. மிச்சம் 8 அப்படியே. கூட்டிப் பாரு, அதே 20 தான். நீ ஓட்டினப்ப சைஸ் ஒன்றரை செகண்ட்ல ஓடிருச்சு, யாரு படிப்பா? எவ்வளவு நிறுத்தணும்னு தெரியலன்னா அங்க இருக்கற எழுத்த வாய்விட்டு ஒரு தடவ படி, அவ்வளவு நேரம் நிக்கணும். வெட்டுன இடத்துல படம் குதிக்கும், ரெண்டு உரலையும் உள்ளங்கையில வச்சு எடுத்த ஷாட்ட அதுல சொருகு.

லயத்து_ராணி:
எனக்கு வேற பிரச்சன, ஆரம்பத்துல குரல் சரியா இருக்கு, போகப் போக படம் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். போன் பழசு அதனாலயா?

ஈப்போ_எடிட்டர்க்கா:
பெரும்பாலும் போன் பழசுனால இல்லமா. ஸ்கிரீன்ல ஒண்ணும் அசையாதப்ப ரெக்கார்டர் ஃப்ரேம குறைச்சிரும், எடிட் ஆப் சீரா செகண்டுக்கு 30 ஃப்ரேம்னு எடுத்துக்கும்போது நழுவுது. வெட்டுறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஹேண்ட்பிரேக்ங்கற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல Constant Framerate வச்சு 30க்கு மாத்திட்டு அப்புறம் வெட்டு.

சிப்புட்_பையன்:
மாத்திப் போட்டேன்கா. இந்த வாரம் ஒருத்தர்தான் தப்பா வாங்குனாரு, அவரு வீடியோவே பாக்கலையாம். மாவு பிழியற ஷாட்டையும் 2 மடங்கு ஓட்டலாமா?

ஈப்போ_எடிட்டர்க்கா:
வேணாம், கைப்பிடி சுத்த எவ்வளவு அழுத்தம் வேணும்னு ஆளுங்க பாக்கறதே அதுலதான்.

பசார்மாலாம்_மச்சான்:
நான் ஓட்டிதான் போடுறேன், சேல்ஸ் வருது லா.

லயத்து_ராணி:
அந்த பெரிய உரல் எவ்வளவு வெள்ளி? போஸ்ட் தனியா?