புதுப்பிப்பு: 4கே டிவியில் எஸ்டி சேனல் மங்கல், செட்டாப் பாக்ஸ் அமைப்பில் தீர்ந்தது

கேட்டிருந்தது: "55 இன்ச் 4கே டிவியில் எஸ்டி சேனல் மட்டும் மெழுகு பூசினாற்போல் தெரிகிறது, ஏன்?"

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. பலித்தது, பாக்ஸின் வெளியீட்டை 1080i-இலிருந்து 576i-க்கு மாற்றச் சொன்ன யோசனை. எஸ்டி சேனலின் 576 வரிப் படத்தைப் பாக்ஸ் 1080 வரிக்கு இழுக்க, டிவி அதை மறுபடி 2160-க்கு இழுத்தது. முதல் இழுப்பில் வந்த பிசிறும் சேர்ந்தே பெரிதானது. இப்போது டிவி மட்டுமே பெரிதாக்குகிறது. செய்தி வாசிப்பவரின் புடவைக் கரை தனியாகத் தெரிகிறது.

டிவியின் ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டச் சொன்னவர் பாதி சரி. தொட வேண்டியது அதுதான், ஆனால் குறைக்க வேண்டும்: 50-இல் எழுத்தைச் சுற்றி நின்ற வெள்ளைக் கோடு 10-இல் போய்விட்டது. யூடியூப் 360p வீடியோ மங்கலாகத் தெரிவது பற்றிக் கேட்டவருக்கு, டிவி ஆப்பில் பார்த்தால் பாக்ஸ் குறுக்கே வராது; ஷார்ப்னெஸ் குறைப்பு அங்கும் உதவும்.

எதிர்பாராதது: எச்டி சேனலும் 576i-லேயே வருகிறது, அதைப் பார்க்கும்போது கையால் 1080i-க்கு மாற்ற வேண்டும். கீழே ஓடும் எழுத்து இன்னும் வெட்டி வெட்டித்தான் ஓடுகிறது.