குழந்தை பிறந்த செய்தி: பெரியவர்களுக்கும் இங்குள்ள நண்பர்களுக்கும் ஒரே வாட்ஸப் செய்தி போதுமா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். சற்று முன் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். மனைவி உறங்குகிறாள். ஊரில் தம்பிக்கு மட்டும் சொன்னேன்; அவன் குடும்பக் குழுவில் போட்டுவிடுவான் என்று பயமாக இருக்கிறது. அதற்குள் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பெரியப்பாக்கள், சித்திகள், அலுவலக நண்பர்கள், கல்லூரித் தோழர்கள் என்று எல்லா வகையும் உண்டு. எப்படி எழுதுவது?

மெல்பர்ன் மாமி:
வாழ்த்துகள். எந்த நாடு, எத்தனை மணிக்குப் பிறந்தது, உங்கள் பெற்றோருக்கும் மாமனார் வீட்டுக்கும் சொல்லியாயிற்றா? இவை தெரியாமல் எதைச் சொல்வது?

குளிர்காலம்:
இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு யோசனை? என் மகன் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. வெளியே பனி, வீட்டில் நானும் அவளும் மட்டும். பத்தியச் சாப்பாட்டுக்குப் பூண்டு உரித்துக்கொண்டே அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. செய்தி கிடக்கட்டும், முதலில் ஃப்ரீசரில் ரசப்பொடியும் பூண்டுக் குழம்பும் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலத்துச் செல்வி:
என் நிச்சயதார்த்தத்தைக் குழுவில் போட்டபோது தேதியையும் மண்டபத்தையும் எழுதியிருந்தோம். அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு மாமாக்கள் வண்டி பேசிவிட்டார்கள். மற்றவர்கள் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். ஆகவே தேதி, இடம் எதுவும் எழுதாதீர்கள்.

மெல்பர்ன் மாமி:
செல்வி, அவர் கேட்டது குழந்தைச் செய்தி. இதில் நேரம் இல்லாமல் போட்டால் அடுத்த நிமிடமே "எத்தனை மணிக்கு?" என்று ஐம்பது பேர் கேட்பார்கள்.

புதுக்குடித்தனம்:
மன்னிக்கவும், டொராண்டோ. இங்கே செவ்வாய் இரவு 9.40. அப்பா அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், மாமனார் வீட்டுக்கு இன்னும் இல்லை. அம்மா இப்போதே ஜோசியரிடம் போகப் போகிறார். செவ்வாயா, புதனா என்று கேட்கிறார்.

யாழ் அண்ணை:
கனடாவில் பிறந்தால் கனடாப் பஞ்சாங்கம்தான் பார்க்க வேண்டும். இந்திய நேரம் சொன்னால் நட்சத்திரம் மாறிவிடும். இன்னொன்று, எங்கள் பக்கம் முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை படம் வெளியே போகாது. கண்ணூறு.

மார்க்கம் வாசன்:
அண்ணை சொன்னதில் பாதி சரி. சந்திரன் உலகத்துக்கே ஒன்றுதான். ஒரே கணத்தில் எங்கே பிறந்தாலும் நட்சத்திரம் ஒன்றே. இடத்தைப் பொறுத்து மாறுவது லக்கினம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஜோசியர் "இரவு 9.40" என்பதை ஊர் நேரமாக எடுத்துக்கொண்டு ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுவார். இப்போது கோடை நேரம் நடப்பதால் ஊர் நமக்கு 9.30 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நட்சத்திரத்தின் ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். அப்படியானால் பாதம் நிச்சயம் தவறும், நட்சத்திரமே மாறினாலும் ஆச்சரியமில்லை.

அதனால் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்: டொராண்டோவில் செவ்வாய் இரவு 9.40, நம்மூரில் புதன் காலை 7.10. நட்சத்திரத்துக்கு இரண்டாவது, லக்கினத்துக்கு டொராண்டோ என்ற இடமும் முதலாவதும். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு பிறக்கிற குழந்தைகளுக்கு வித்தியாசம் 10.30 மணி ஆகிவிடும். கிழமை கேட்டால் செவ்வாய். பிறந்த இடத்தில் சூரியன் உதிக்கும்வரை அந்த நாள்தானே.

குளிர்காலம்:
குழந்தை பிறந்த கணத்தை எல்லோருக்கும் அறிவிக்கக் கூடாது என்பார் என் தாத்தா.

மார்க்கம் வாசன்:
அப்படியென்றால் ஜோசியருக்கு மட்டும் தனியாகச் சொல்லலாம். அதில் நான் தலையிட மாட்டேன்.

சேலத்துச் செல்வி:
எங்கள் குழுவில் நல்ல செய்தி போட்டால் மூன்று நாளுக்குக் கையெடுத்துக் கும்பிடும் ஸ்டிக்கர்தான். ஒரு மாமா அதிகாலை மூன்றுக்கு வீடியோ அழைப்பு. எடுக்கவில்லை என்றால் "அங்கே போய்த் திமிர் பிடித்துவிட்டது".

குளிர்காலம்:
எங்கள் வீட்டில் அதோடு "சிவப்பாக இருக்கிறாளா?" என்ற கேள்வி. நான் குழுவைவிட்டே வெளியேறிவிட்டேன்.

யாழ் அண்ணை:
எங்கட குழுவில் விடியற்காலையிலே அரசியல் காணொளி. குழந்தை படத்துக்கு மேலே அதுதான் நிற்கும்.

மெல்பர்ன் மாமி:
போதும், அந்தப் பிள்ளை மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, கேளுங்கள். ஒரே செய்தி வேண்டாம், ஒரே விவரத்தை இரண்டாக எழுதுங்கள். ஊர்க் குழுவில் நீங்கள் போடவே வேண்டாம். அங்கே அது உங்கள் அப்பாவின் செய்தி. "எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்" என்று அவர் போட்டால்தான் அவருடைய அண்ணன் தம்பிகள் அவருக்கு வாழ்த்துச் சொல்வார்கள். உங்களுக்கு அழைப்பும் குறையும். வாசகத்தை நீங்களே எழுதி அவருக்கு அனுப்புங்கள்.

அதற்கு முன் இப்போதே நான்கு அழைப்பு: மாமனார் வீடு, மனைவியின் சகோதரர், உங்கள் சகோதரி, உங்கள் அத்தை. தாய்மாமனும் அத்தையும் குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்டால் காதுகுத்துவரை பேச்சு தொடரும். தம்பியிடம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

புதுக்குடித்தனம்:
நண்பர்களுக்கு வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியல் போடலாமா? குழு ஆரம்பித்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மார்க்கம் வாசன்:
போடலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். கனடா வந்தபின் எண் மாற்றினீர்களா? பழைய இந்திய எண்ணை வைத்திருக்கிற கல்லூரித் தோழர்களுக்குப் போகாது, போகவில்லை என்றும் உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தனித்தனியே அனுப்புங்கள். பட்டியலின் நன்மை, பதில்கள் உங்களுக்கு மட்டும் வரும்.

அலுவலக நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி போதும். இவர்கள் குழந்தையின் எடையைப் பவுண்டில் கேட்பார்கள், ஊரில் கிலோ. எடை என்ன?

புதுக்குடித்தனம்:
எண் மாற்றிவிட்டேன். எடை 3.1 கிலோ. பெயர் புண்ணியாஜனத்தில்தான் வைப்போம்.

மார்க்கம் வாசன்:
அப்படியானால் 6 பவுண்டு 13 அவுன்ஸ். இங்குள்ளவர்கள் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள், "பெயர் இன்னும் சில நாளில்" என்று எழுதிவிடுங்கள். ஆனால் ஒன்டாரியோவில் 30 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், சடங்கை அதற்குள் வையுங்கள்.

சேலத்துச் செல்வி:
"சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்பதையும் மனைவியைக் கேட்காமல் எழுதாதீர்கள். அவர் விழிக்கும்வரை "தாயும் சேயும் நலம்" போதும்.

படமும் அப்படியே. தொட்டிலின் முனையில் செருகியிருக்கும் அட்டையைப் பாருங்கள். தாயின் பெயர், பிறந்த நேரம், எடை எல்லாம் அதில் இருக்கும். கையில் கட்டிய பட்டையில் எண் வேறு. படம் குழுவுக்குப் போன பத்து நிமிடத்தில் யாராவது ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்கள். குழந்தையின் பாதத்தை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள், அண்ணை சொல்கிற கண்ணூறுக்கும் அது சரிப்படும்.

மெல்பர்ன் மாமி:
அப்பாவுக்கு இதை அனுப்புங்கள்:

"எங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் டொராண்டோ நேரப்படி செவ்வாய் இரவு 9.40க்கு, நம்மூர் நேரம் புதன் காலை 7.10க்கு, பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். எடை 3.1 கிலோ. தாயும் சேயும் நலம். பெயர்சூட்டு விழா பற்றிப் பிறகு சொல்கிறோம். மருத்துவமனையில் இருப்பதால் அவர்களால் போன் எடுக்க இயலாது. சனிக்கிழமை அவர்களே அழைப்பார்கள். குழந்தையின் படத்தை வெளியே பகிர வேண்டாம். அனைவரின் ஆசியும் வேண்டும்."

புதுக்குடித்தனம்:
அப்பா "மகாலட்சுமி பிறந்திருக்கிறாள்" என்று ஆரம்பித்து அனுப்புகிறேன் என்கிறார், படம் பற்றிய வரியை எடுத்துவிட்டார். மாமனார் வீட்டுக்கும் மச்சானுக்கும் அக்காவுக்கும் பேசிவிட்டேன். அத்தை எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பிவிடட்டுமா?

மெல்பர்ன் மாமி:
வேண்டாம், மறுபடி அழையுங்கள். உங்களுக்கு நள்ளிரவு 12.30 என்றால் அங்கே காலை 10 மணிதான், கோயிலுக்குப் போயிருப்பார். மாமாவின் எண்ணுக்கும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். அதுவரை அப்பாவை அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள்.