புதுப்பிப்பு: 5 மாதங்களுக்குப் பிறகு

“உறவின்போது சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகிறது, எரிகிறது. எனக்கு யோனி வழி சிறியதா?” என்று இங்கே கேட்டிருந்தேன்.

சிறியதல்ல. தொற்றும் தோல் நோயும் இல்லை என்று பார்த்துவிட்டு, வஜைனிஸ்மஸ் என்றார் மருத்துவர். இடுப்புத்தளத் தசை என்னைக் கேட்காமலே இறுகிக்கொள்கிறதாம்.

அப்போது பதிலில் வழுக்கும் ஜெல் போதும் என்ற தோழி சொன்னது பாதி சரி: உராய்வு குறைகிறது, இறுக்கம் விடுவதில்லை. பிரசவத் தையல் வலியை எழுதிய அக்கா, உங்களுடையது வேறு, தனியாகக் காட்டுங்கள்.

எனக்குத் திருப்பம் பிசியோதெரபிஸ்ட்தான். மூச்சை விட்டபடி, சிறுநீர் கழிப்பதுபோல் மெல்லக் கீழ்நோக்கித் தளர்த்தி, தசையைப் பழக்கும் டைலேட்டர் என்ற வழவழப்பான உருளையில் சுண்டுவிரல் அளவுள்ளதை நுழைக்கச் சொன்னார். தினமும் 10 நிமிடம். வலித்தால் தள்ளாமல் அப்படியே நிறுத்த வேண்டும். நான் அவசரமாக அடுத்த அளவுக்குத் தாவி, ஒரு வாரத்தை இழந்தேன்!

இப்போது மூன்றாம் அளவு. உறவுக்கு இன்னும் முயலவில்லை, கணவரும் அவசரப்படுத்தவில்லை.