சிறுகதைக்கு ஒரு விவரம் தேவை: சர்க்கரை அளவை மறைக்கும் அப்பா

சர்க்கரை நோயாளி உள்ள வீட்டுக்காரர்கள் உதவ வேண்டும். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பாவின் குளுக்கோமீட்டர் வெறும் வயிற்றில் 260 காட்டுகிறது. டாக்டர் இன்சுலின் போடச் சொன்னால் வீடே கலங்கிவிடும் என்று பயந்து, நோட்டில் 130 என்று எழுதிவைக்கிறார். பத்திரிகை வைக்கப் போகும் வீடுகளில் காபியும் கேசரியும் வேறு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே!

மகளுக்கு எப்படித் தெரியவருகிறது என்பதில்தான் சிக்கிக்கொண்டேன். மீட்டரின் நினைவகத்தில் பழைய அளவுகள் தேதியோடு இருக்கும். ஆனால் அவள் அதை நோண்டிப் பார்த்தால் துப்பறியும் கதையாகிவிடும். எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவர் லேப் பக்கமே போகமாட்டார்.

மிஞ்சுவது உடம்புதான். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறார். தலைமாட்டுச் சொம்பு விடிவதற்குள் காலியாகிறது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. உங்கள் வீட்டில் இவற்றில் எது முதலில் கண்ணில் பட்டது? அளவு எடுத்த சட்டை மூன்றே வாரத்தில் அப்படித் தளர்வது நம்பும்படி இருக்குமா? இப்படி மறைத்துவைத்தவர்கள் யாராவது இருந்தால், வீட்டாரிடம் என்ன சாக்குச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.